ஹெல்மெட் போடாதவர்கள் எண்ணிக்கை மைனஸ் 14 என்று வருகிறது, எங்கே தவறு?

தளக்கேமரா

கட்டடம் கட்டும் தளத்தில் கேமரா வீடியோவைப் பார்த்து, ஹெல்மெட் இல்லாமல் யாராவது நின்றால் மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கை போக வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. SHWD படத்தொகுப்பில் பயிற்சி கொடுத்த யோலோ மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டே வகை: `hat`, `person`. ஆள் எண்ணிக்கையிலிருந்து ஹெல்மெட் எண்ணிக்கையைக் கழித்தால் மீதி ஹெல்மெட் இல்லாதவர்கள்தானே என்று இப்படி எழுதினேன்:

```python
c = model(frame)[0].boxes.cls.tolist()
missing = c.count(1) - c.count(0)   # person - hat
if missing > 0:
    send_alert()
```

ஒரு ஃபிரேமில் 16 பேர் இருக்கிறார்கள். நானே கண்ணால் எண்ணினேன். 15 பேர் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் வெறுந்தலை. எனக்கு 1 என்று வர வேண்டும். வருவதோ மைனஸ் 14! ஒரு நாள் முழுக்க ஓடவிட்டும் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேட வேண்டுமா?

பிக்சல்பித்தன்

ஒரே ஹெல்மெட்டை இரண்டு மூன்று தடவை எண்ணுகிறது போல. `conf` மதிப்பை 0.6க்கு ஏற்றிப் பாருங்கள், தேவையில்லாத பெட்டிகள் எல்லாம் போய்விடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

சாரமேறி

0.6க்கு ஏற்றினால் தூரத்தில் நிற்பவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். அதைத் தொடாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே ஒருமுறை பாருங்கள்: 1 கழித்தல் 15, மைனஸ் 14. மாடல் மிகச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது!

SHWD தொகுப்பில் `person` என்றால் ஆள் இல்லை. ஹெல்மெட் இல்லாத தலை. `hat` என்றால் ஹெல்மெட் போட்ட தலை. இரண்டு பெட்டியுமே தலையைச் சுற்றித்தான் வரும். பெயரை ஏன் அப்படி வைத்தார்களோ, இதில் விழாதவர்கள் குறைவு. பெட்டிகளைப் படத்தின்மேல் வரைந்து பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். `person` பெட்டி தோளுக்குக் கீழே இறங்கியே இருக்காது. கழித்தலை எடுத்துவிடுங்கள், `c.count(1)` ஒன்றே உங்கள் விடை.

தளக்கேமரா

அண்ணா, வரைந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே தலை மட்டும்தான். இரண்டு நாள் இதிலேயே முட்டிக்கொண்டிருந்தேன்.

கழித்தலை எடுத்ததும் பிரச்சினை தலைகீழாகிவிட்டது. காலையில் ஓடவிட்டேன், மதியத்துக்குள் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை. மேற்பார்வையாளர் போனை அணைத்து வைத்துவிட்டார். சிலவற்றைத் திறந்து பார்த்தேன். பாதி கட்டிய தளங்களுக்குள்ளே, கூரைக்குக் கீழே வேலை செய்பவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தும் `person` என்று வருகிறது. தூரத்தில் கம்பி கட்டுபவர்கள் ஒரு ஃபிரேமில் `hat`, அடுத்ததில் `person`, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. கேமரா 1920க்கு 1080. நொடிக்கு 5 ஃபிரேம் எடுக்கிறேன்.

சாரமேறி

மூன்று நோய் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதலில் தூரத்துத் தலைகள். அசல் படத்தில் அந்தத் தலை எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து பாருங்கள். 26 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் `imgsz` எதுவும் கொடுக்கவில்லை, அதனால் 1920 அகலப் படம் 640 ஆகச் சுருங்கித்தான் மாடலுக்குள் போகிறது. மூன்றில் ஒரு பங்கு. 26 பிக்சல் தலை 9 பிக்சல் ஆகிவிடும். சாதாரண யோலோவின் மிக நுணுக்கமான கட்டமே 8 பிக்சலுக்கு ஒன்று. முழுத் தலையும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால் அது ஹெல்மெட்டா முடியா என்று யார்தான் சொல்ல முடியும்? `imgsz=1280` கொடுங்கள், தலை 17 பிக்சல் ஆகும். வேகம் நன்றாகவே குறையும், ஆனால் நொடிக்கு 5 ஃபிரேமே அதிகம், 2 போதும். அதற்கும் சிறிதாகத் தெரியும் தலைகளை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். "தெரியவில்லை" என்று மூன்றாவதாக ஒரு பதில் உங்கள் நிரலில் இருந்தே ஆக வேண்டும். 

இரண்டாவது, கூரைக்குக் கீழே வரும் தவறு. இது பயிற்சிப் படங்களில் ஊறிப்போன குணம். SHWD-இல் சுமார் 7,500 படங்கள். ஹெல்மெட் போட்ட தலைகள் 9,000 சொச்சம், வெறுந்தலைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த வெறுந்தலைகளில் ஒரு பகுதி SCUT-HEAD என்ற தொகுப்பிலிருந்து வந்தது. அதில் இருப்பவை வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் படங்கள். ஆக, மாடல் தலையை மட்டும் பார்த்துக் கற்கவில்லை. சுவர், கூரை, மங்கல் வெளிச்சம் இருந்தால் வெறுந்தலை என்றும் சேர்த்தே கற்றிருக்கிறது. உங்கள் தளத்தின் உட்புறத்திலிருந்தே சில நூறு ஃபிரேம்கள் எடுத்து, அடுத்தடுத்த ஃபிரேம்களாக இல்லாமல் வேறு வேறு நாள், வேறு வேறு வெளிச்சமாகப் பார்த்து, பெட்டி போட்டு மறுபடி பயிற்சி கொடுங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, நீங்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். தளத்தில் 30 தலை, நொடிக்கு 5 ஃபிரேம் என்றால் நொடிக்கு 150 தீர்ப்பு. நூற்றுக்கு ஒன்று தவறினால்கூட எட்டு மணி நேரத்தில் 43,200 பொய் எச்சரிக்கை. போனை அணைத்தவர்மேல் குற்றமில்லை. டிராக்கர் போட்டு ஒரே ஆளைத் தொடருங்கள், சில நொடிகள் பார்த்தபிறகு முடிவெடுங்கள்:

```python
r = model.track(frame, persist=True, imgsz=1280)[0]
if r.boxes.id is not None:
    for i, k in zip(r.boxes.id.tolist(), r.boxes.cls.tolist()):
        h = hist[i]          # hist = defaultdict(lambda: deque(maxlen=20)), told = set()
        h.append(k)
        if len(h) == 20 and h.count(1) >= 16 and i not in told:
            told.add(i)
            send_alert()
```

நொடிக்கு 2 ஃபிரேம் என்றால் இது 10 நொடிக் கவனிப்பு. ஃபிரேம் குறைவாக இருக்கும்போது வேகமாக நடப்பவரை டிராக்கர் தவறவிட்டுப் புது எண் கொடுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_மேஸ்திரி

தம்பி, ஹெல்மெட் போட வைக்க இத்தனை கணக்கு எதற்கு? வாசலிலேயே ஓர் ஆளை நிறுத்துங்கள், ஹெல்மெட் இல்லையென்றால் உள்ளே விடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தளக்கேமரா

ஐயா, வாசலில் எல்லாரும் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். மேலே ஏறியபிறகு கழற்றுகிறார்கள், அதுதான் சிக்கல்.

பழைய_மேஸ்திரி

அப்படியென்றால் ஏன் கழற்றுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். எங்கள் தளத்தில் ஒரே மூலையில் ஒரே குழு மட்டும் எப்போதும் கழற்றிக்கொண்டிருந்தது. திட்டிப் பார்த்தோம், கேட்கவில்லை. பிறகு நானே போய் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் துளை போடும் வேலை. அண்ணாந்து பார்த்தால் தாடைப்பட்டை இல்லாத ஹெல்மெட் பின்னால் வழுக்கி விழுகிறது. பட்டை வைத்த ஹெல்மெட் கொடுத்ததும் பாதிப் பேச்சு அடங்கியது. இதை எந்தக் கேமரா சொல்லும்?

சாரமேறி

ஐயா சொன்னது கேள்விக்கு நேர் பதில் இல்லை என்றாலும் முக்கியமானது. பட்டை மாட்டியிருக்கிறதா என்று இந்த மாடலுக்குத் தெரியாது. தலையை முட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் மெல்லிய தொப்பியும் அதன் கண்ணுக்கு `hat`தான். மேலிருந்து செங்கல் விழுந்தால் அந்தத் தொப்பி தாங்காது. கட்டட ஹெல்மெட்டுக்கான EN 397 தரமும் அந்த மெல்லிய தொப்பிக்கான EN 812 தரமும் வேறுவேறு என்பது வீடியோவில் தெரியாது.

தளக்கேமரா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உட்புறப் படங்கள் 400 சேர்த்து மறுபயிற்சி கொடுத்தேன். டிராக்கரும் போட்டாயிற்று. நாளைக்கு ஆயிரக்கணக்கில் வந்தது இப்போது இருபது முப்பதுக்குள் நிற்கிறது. 

ஆனால் இதைப் பார்த்த மேலாளருக்கு ஆசை வந்துவிட்டது. "நன்றாக வேலை செய்கிறதே, முகத்தையும் அடையாளம் கண்டு பெயரோடு பட்டியல் கொடு, சம்பளத்தில் பிடித்துவிடலாம்" என்கிறார். இன்னொன்றும் கேட்டார்: யார் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று இதே வீடியோவில் எடுக்க முடியுமா என்று. முடியும் என்பதுதான் என் சங்கடமே. எண் எல்லாம் டிராக்கரில் ஏற்கெனவே இருக்கிறது.

பிக்சல்பித்தன்

முகத்தைச் சேமிக்காமல் தலையை மட்டும் வெட்டி வைத்தால் தனியுரிமைச் சிக்கல் வராது. பெயர் இல்லையே.

வேலைநேரம்

அது பாதிதான் சரி. முகத்தை வைக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் "மூன்றாம் தளம், வடக்கு மூலை, 10:40" என்று பதிவாகிறது. அந்த நேரம் அங்கே வேலை இரண்டு பேருக்குத்தான். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தால் பெயர் தானாக வந்துவிடும். ஐரோப்பாவில் இந்த மாதிரி மறைமுகமாக அடையாளம் தெரிந்தாலே அது தனிநபர் தகவல்தான். தொழிலாளரின் செயல்பாட்டைக் கண்காணித்து மதிப்பிடும் மாடல்களை அங்கே 2024-இல் வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் அதிக ஆபத்துள்ள பட்டியலில் வைத்திருக்கிறது. முகத்தால் ஆளை அடையாளம் காணும் தகவலுக்கு அங்கே தனிநபர் தகவல் சட்டத்தில் இன்னும் கடுமையான விதி.

நான் தொழிலாளர் பக்கம் நின்று பேசுபவள். சும்மா நிற்பவரை எண்ணும் யோசனை வந்த அன்றே இது பாதுகாப்புக் கேமரா இல்லை என்று தளம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு ஆட்கள் கேமராவுக்குத் தெரியாத மூலையாகப் பார்த்து நிற்பார்கள். அந்த மூலையில் யார் தலையில் எது விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சாரமேறி

சம்பளப் பிடித்தத்துக்கு எண்ணாலேயே பதில் சொல்லலாம். 200 பேரில் 10 பேர் ஹெல்மெட் இல்லாமல் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மாடல் அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கிறது, நல்ல மாடல். போட்டிருக்கும் 190 பேரில் நூற்றுக்கு 5 என்ற கணக்கில் தவறினால் ஒன்பதோ பத்தோ பேர். பட்டியலில் ஏறக்குறைய 19 பெயர், அதில் பாதி குற்றமே செய்யாதவர்கள். "95 சதவீதம் சரி" என்று கேட்ட மேலாளருக்கு இது தெரியாது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

அதைவிட மோசம், அந்தத் தவறு எல்லார்மீதும் சமமாக விழாது. தலையில் துணி கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடுபவர், மழைக்கோட்டின் தொப்பியை ஹெல்மெட்டுக்கு மேலே இழுத்துவிடுபவர், இவர்களை மாடல் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே மாதிரி தவறாகச் சொல்லும். இருபதுக்குப் பதினாறு ஓட்டு என்பதெல்லாம் எப்போதாவது வரும் தவறைத்தான் கழுவும். இந்த மாதிரி பிடிவாதத் தவறு இருபதுக்கு இருபது வாங்கித் தேர்ச்சி பெற்றுவிடும். அதே ஆள்தான் தினமும் பட்டியலில் இருப்பார்.

வேலைநேரம்

இடவாரியாக, மணிவாரியாக எண்ணிக்கை மட்டும் கொடுங்கள். எச்சரிக்கை அந்தத் தளத்து மேற்பார்வையாளருக்கு அப்போதே போகட்டும், அவர் போய்ப் பார்க்கட்டும், துணுக்கு வீடியோ அன்றைக்கே அழியட்டும். கேமரா எங்கே பார்க்கிறது, எது பதிவாகிறது, எது பதிவாகாது என்று தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஓய்வெடுக்கும் இடத்தைக் கேமரா பார்க்கவே கூடாது.

பழைய_மேஸ்திரி

எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. மூன்று தடவை சொல்லியும் வேண்டுமென்றே கழற்றுபவன் ஒருவன் இருப்பான். அவன் யார் என்று தெரியாமல் எப்படி? நாளைக்கு அவன் விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

வேலைநேரம்

தெரிந்துகொள்ளுங்கள் ஐயா, நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மாடல் சொன்னது என்று சொல்லித் தண்டிக்காதீர்கள், அவ்வளவுதான் என் பேச்சு.

தளக்கேமரா

பத்தொன்பது பேர் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். சம்பளப் பிடித்தம் பேச்சை மேலாளர் இப்போதைக்கு நிறுத்திவிட்டார். சும்மா நிற்கும் நேரக் கணக்கை மட்டும் விடவில்லை, அடுத்த வாரம் மறுபடி பேசலாம் என்றார். அதற்குள் டிராக்கர் எண்கள் எச்சரிக்கை முடிந்ததும் அழியும்படி நிரலை மாற்றிவிட்டேன், மாற்றியதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

இடவாரி எண்ணிக்கை ஒரு வாரம் எடுத்ததில் பாதிக்கு மேல் ஒரே இடம், மேல்தளத்தில் கம்பி கட்டும் பகுதி. மதியத்துக்குப் பிறகுதான் ஏறுகிறது. நாளைக்கு நானே மேலே போய்ப் பார்க்கப் போகிறேன். மழைக்கோட்டுத் தொப்பிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை, 60 படங்கள் சேர்த்தும் `person` என்றே சொல்கிறது. யாராவது இதைத் தாண்டியிருந்தால் சொல்லுங்கள்.