புதுப்பிப்பு: கெட்டில்பெல் ஸ்விங்கில் வந்த முதுகு வலி தீர்ந்தது

"ஒரு வருஷமா 16 கிலோ கெட்டில்பெல் குண்டைக் கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால வீசி ஸ்விங் செய்றேன். கீழ்முதுகு வலிக்குது, தொப்பையும் குறையல. எங்கே தப்பு?"

முன்பு நான் இப்படிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எட்டு வாரத்தில் வலி போய்விட்டது. இடுப்புச் சுற்றளவு 96-லிருந்து 92 செ.மீ. ஆகியிருக்கிறது.

பலித்தது ஓசூர் அண்ணன் சொன்னதுதான்: "உட்காராதே, இடுப்பைப் பின்னால் தள்ளு. குண்டு இறங்கும்போது மேல்கை விலாவைத் தொட்ட பிறகு குனி." பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பார்த்தேன், குண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு ஒரு அடி முன்னால் நின்று, பின்புறத்தால் சுவரைத் தொட்டுப் பழகினேன். இப்போது முன்கை உள்தொடையில் வந்து படுகிறது. களைப்பு முதுகில் இல்லை, பின்தொடையில்தான்.

நான்கு வாரம் அதே 16 கிலோ: நிமிடத்துக்கு 10 வீதம் பத்து நிமிடம், வாரம் மூன்று நாள். அப்புறம் நிமிடத்துக்கு 15. கடைசிச் சுற்றிலும் வேகம் குறையாத பிறகே 20 கிலோவுக்குப் போய், மறுபடி 10-இல் தொடங்கினேன்.

ராத்திரிச் சோற்றை நிறுத்தினாலே போதும் என்றார் பாலக்கோடு நண்பர். பாதி சரி. நான் நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தேன். சுற்றளவு இறங்க அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

டிஸ்க் விலகல் உள்ளவர் தானும் செய்யலாமா என்று கேட்டிருந்தார். என் வலி தப்பான அசைவால் வந்தது. உங்களுடையது வேறு, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

எதிர்பாராத ஒன்று: வலது கையில் மட்டும் குண்டைத் தூக்கி மாடியில் நடந்தால் 20 மீட்டருக்குமேல் உடல் இடப்பக்கம் சாய்கிறது. இப்போதைக்கு அங்கேயே நிறுத்துகிறேன். இடது கையில் ஏன் சாயவில்லை என்பது இன்னும் புரியவில்லை.