ஒரே வரி, இரண்டு ரிக்வெஸ்ட்: லைவில் இலைப் பணம் நின்ற கதை

கோத்தகிரிக்காரி

தேயிலைக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பக்கத்து எஸ்ஏபி வேலையை நான் பார்க்கிறேன். டெவ், டெஸ்ட், லைவ் என மூன்று சிஸ்டம். போன மழைக்காலத்தில் நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

இலை கொடுக்கும் சிறு விவசாயிகளுக்கு ZLF1 என்று ஒரு பேமெண்ட் டேர்ம் இருக்கிறது, பில் போட்டு 15 நாளில் பணம் போகும். அதை 30 நாளாக்கலாமா என்று முதலில் ஒரு யோசனை வந்தது. என்னுடன் வேலை செய்யும் தம்பி OBB8-ல் மாற்றி, அந்த மாற்றம் சேர்ந்த டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்டை ரிலீஸ் செய்து டெஸ்டுக்கு அனுப்பினான் (DEVK900412). விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை, யோசனை கைவிடப்பட்டது. ஆனால் அந்த ரிக்வெஸ்ட் லைவ் கியூவில் அப்படியே உட்கார்ந்திருந்தது, அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து 10 நாளாக்கச் சொன்னார்கள், அவசரம் என்றார்கள். நான் மாற்றி (DEVK900437) டெஸ்டில் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை லைவுக்கு அதை மட்டும் தனியாக ஏற்றச் சொன்னேன், ஏறியது, 10 என்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

சனிக்கிழமை இரவு மாதாந்திர வெளியீடு. கியூவில் இருந்த எல்லாமே ஏறியது, எல்லாவற்றுக்கும் ரிட்டர்ன் கோட் 0. திங்கள் முதல் இலை பில் போட்டார்கள். அடுத்த வார வியாழன் F110 ப்ரபோசல் எடுத்தால், வழக்கமாக நூற்றைம்பதுக்கு மேல் வரும் பட்டியலில் அன்று ஏழே பெயர். அதற்குள் கீழ் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மழைக்கு பிளாஸ்டிக் கவரில் சுற்றிய இலைப் புத்தகத்தோடு கேட்டில் நிற்கிறார். அவர் புத்தகத்தில் எடையும் தேதியும் சரி, எங்கள் சிஸ்டத்தில் அவர் பில் இன்னும் இருபது நாள் கழித்துத்தான் பணத்துக்கு வரும் என்று காட்டுகிறது.

பர்லியார்

அக்கா, இது எப்படி நடக்கும்? ஒருவர் தொட்டதை இன்னொருவர் தொட முடியாதே, ரிக்வெஸ்ட் லாக் ஆகிவிடுமே. அந்தத் தம்பி ரிக்வெஸ்டில் இருப்பதை நீங்கள் எப்படி மாற்றினீர்கள்? கிளையண்ட் மாறி ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆனது.

வெலிங்டன்வாசி

தம்பி, லாக் ஆகும் என்று நீங்கள் சொல்வது புரோகிராம்களுக்குச் சரி. கஸ்டமைசிங் டேபிளின் வரிகளுக்கு அந்த லாக் கிடையாது. அப்புறம் இதில் அந்தத் தம்பியின் ரிக்வெஸ்ட் முன்பே ரிலீஸ் ஆகிவிட்டது, லாக் இருந்திருந்தாலும் அப்போதே விடுபட்டிருக்கும். கிளையண்ட் விஷயமும் இல்லை, கிளையண்ட் மாறியிருந்தால் வியாழக்கிழமை 10 தெரிந்திருக்காது.

பேசிஸ் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரிக்வெஸ்ட் திறந்திருக்கும் வரை அதில் இருப்பது எந்த டேபிளின் எந்த வரி என்று சொல்லும் சாவி மட்டும்தான், மதிப்பு கிடையாது. ரிலீஸ் செய்யும் அந்த நொடியில் டெவ்வில் என்ன இருக்கிறதோ அதுதான் ஃபைலில் எழுதப்படும். 412 ரிலீஸ் ஆனபோது டெவ்வில் 30, 437 ரிலீஸ் ஆனபோது 10. கியூ வரிசைப்படி 412 முதலில், 437 பின்னால் ஏறியிருந்தால் கடைசியில் 10 நின்றிருக்கும். 437-ஐ முந்த விட்டு, பின்னால் 412 ஏறியதால் பழைய 30 வந்து மேலே உட்கார்ந்துவிட்டது. எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது என்பதற்குத்தான் 0 வருகிறது, எழுதியது சரியான மதிப்பா என்று அது பார்ப்பதில்லை.

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை தனியாக ஏற்றியபோது, பிறகு மறுபடி ஏற்ற அதைக் கியூவிலேயே விட்டுவை என்ற தேர்வு டிக் ஆகியிருந்ததா? டிக் இருந்திருந்தால் சனிக்கிழமை 412-க்குப் பின்னால் 437 மறுபடி தன் இடத்தில் ஏறி 10-ஐத் திரும்ப எழுதியிருக்கும்.

கோத்தகிரிக்காரி

டிக்கை நீக்கிவிட்டுத்தான் ஏற்றினார்களாம் அண்ணா, கியூ சுத்தமாக இருக்கட்டும் என்று. கண்டுபிடித்தது நீங்கள் சொன்ன சாவி வழியாகத்தான். டெவ்வில் SE16-ல் இப்படித் தேடினேன்:

```
E071K
OBJNAME = T052
TABKEY  = 100ZLF1*
```

இரண்டு ரிக்வெஸ்ட் எண்ணும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றன. வியாழக்கிழமை ஏற்றுவதற்கு முன் இந்த ஒரு தேடலைச் செய்திருந்தால் 412 கண்ணில் பட்டிருக்கும். இப்போது ஒவ்வொரு அவசர ரிக்வெஸ்டுக்கும் முதல் வேலை இதுதான், அதில் உள்ள ஒவ்வொரு சாவிக்கும்.

சரி செய்தது தனிப் பாடு. டெவ்வில் 10 ஏற்கெனவே இருந்ததால் அதே வரியைப் புதிய ரிக்வெஸ்டில் சேர்த்து, ரிலீஸ் செய்து, டெஸ்ட் வழியாகவே லைவுக்குக் கொண்டுபோனோம். ஆனால் அது இனிப் போடும் பில்லுக்குத்தான். பில் பதியும்போதே நாட்கள் பில்லுக்குள் எழுதப்பட்டுவிடும், டேபிளை மாற்றினாலும் பழைய பில் மாறாது. இடையில் பதிந்த 212 பில்லையும் FB02-ல் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினோம், நானும் கணக்குப் பிரிவுப் பெண்கள் இருவரும், கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரவு எட்டு மணி ஆகிவிட்டது. பெரியவருக்கு மறுநாள் பணம் போனது.

கூடலூர்

எனக்கு நடந்தது இன்னும் மோசம். டெவ்வில் இன்வாய்ஸ் நம்பர் ரேஞ்சில் ஒரு புது இண்டர்வல் சேர்த்தேன். அது தானாக ரிக்வெஸ்டில் சேரவில்லையே என்று மெனுவில் தேடி, டிரான்ஸ்போர்ட் என்பதை அழுத்தி, எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்து லைவ் வரை ஏற்றிவிட்டேன். லைவில் அந்த ஆப்ஜெக்டின் இண்டர்வல்கள் எல்லாம் அழிந்து, டெவ்வில் இருந்தவை டெவ்வின் நடப்பு எண்ணோடு வந்து உட்கார்ந்தன. லைவில் நாலாயிரத்தைத் தாண்டிய எண் முப்பத்தாறுக்குப் போய்விட்டது. அடுத்த இன்வாய்ஸ் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் மோதி நின்றது. கடைசியாகப் பதிந்த எண்ணைத் தேடி எடுத்து லைவில் கையாலேயே போட்டோம். இப்போதெல்லாம் நம்பர் ரேஞ்சை எந்தச் சிஸ்டத்திலும் டிரான்ஸ்போர்ட் செய்வதே இல்லை, வெளியீட்டுத் தாளில் கைவேலை என்று ஒரு வரி எழுதி லைவில் நேராகச் சேர்க்கிறோம்.

பர்லியார்

அண்ணா சொன்ன லாக் விஷயம் இப்போது புரிந்தது, நன்றி. அப்படியென்றால் கைவிட்ட 412-ஐ அன்றைக்கே லைவ் கியூவிலிருந்து நீக்கியிருந்தால் முடிந்திருக்குமே?

வெலிங்டன்வாசி

நான் நீக்க மாட்டேன். 412-ல் ZLF1 மட்டும்தான் இருந்தது என்று எப்படித் தெரியும்? வேறு வரிகளும் இருந்து, பின்னால் வரும் ரிக்வெஸ்ட் அவற்றை நம்பியிருந்தால் லைவில் அது உடையும், டெஸ்டில் எல்லாம் நன்றாக இருக்கும், காரணம் தேடி அலைவோம். ரிலீஸ் ஆனதைத் திரும்ப எடுக்க முடியாது. யோசனையைக் கைவிட்ட அன்றே பழைய 15-ஐப் புது ரிக்வெஸ்டில் எழுதி 412-க்குப் பின்னால் அனுப்புவதுதான் என் பழக்கம். இரண்டும் ஒரே இரவில் ஏறும், லைவில் யாருக்கும் 30 தெரியாது.

கோத்தகிரிக்காரி

412-ல் ஒரு புது பேமெண்ட் மெத்தடும் இருந்தது அண்ணா, அது பின்னால் வந்த ரிக்வெஸ்டுக்குத் தேவைப்பட்டது. அதனால் நீக்கியிருந்தால் அதுவும் சிக்கல்தான். ஆனால் எங்கள் மேலாளர், லைவுக்குத் தேவையில்லாதது கியூவில் இருக்கவே கூடாது, நீக்கித்தான் ஆகவேண்டும் என்கிறார், இன்னும் அந்தப் பேச்சு ஓடுகிறது.

கேத்தி

எங்களிடம் டெஸ்ட் சிஸ்டம் ஒன்றுதான், லைவிலிருந்து காப்பி எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கைவிட்ட ரிக்வெஸ்ட் எல்லாம் அதிலேயே ஏறிக் கிடக்கின்றன. டெஸ்டில் சரியாக வருவது லைவில் வரும் என்று இப்போது எதை வைத்து நம்புவது? காப்பி எடுத்தபிறகு, இன்னும் லைவ் போகாத ரிக்வெஸ்டுகளை எந்த வரிசையில் மறுபடி டெஸ்டில் ஏற்றுகிறீர்கள் என்று யாராவது செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.