தடுப்பணைக்கு மேலே பின்னீர் வளைவு: கடைசிப் படியில் −18 கி.மீ. வருகிறது

ஓடைக்கரை:
1.2 மீ. உயரத் தடுப்பணை. அதிலிருந்து 1.5 கி.மீ. மேலே ஒரு தரைப்பாலம். வெள்ளத்தில் அணையால் அங்கே எவ்வளவு தண்ணீர் கூடும் என்று பார்க்க வேண்டும். ஓடையை 12 மீ. அகலச் செவ்வகமாக எடுத்தேன். சரிவு 1000-க்கு 1, மேனிங் n 0.035, வெள்ளம் வினாடிக்கு 18 கன மீட்டர். இயல்பு ஆழம் 1.48 மீ., அணையை ஒட்டி 2.10 மீ. வருகிறது. ஆழத்தைப் படிப்படியாகக் குறைத்து விரிதாளில் தூரம் கணக்கிட்டால் 1.50 மீ. வரை சரியாகப் போகிறது, அது 2.57 கி.மீ.-இல் வருகிறது. அடுத்த படி 1.48-க்குக் கழித்தல் 18 கி.மீ.! எங்கே தப்பு?

வயல்வரப்பு:
இதற்கு ஏன் விரிதாள்? எங்கள் ஊர் தடுப்பணையில் மட்டக்குழாய் வைத்துப் பார்த்தோம். படுகை அணை முகட்டு மட்டத்துக்கு ஏறும் இடம் வரை தண்ணீர் நிற்கிறது. உங்கள் சரிவுக்கு 1200 மீ. வரும். தரைப்பாலம் அதற்கு மேலே இருப்பதால் கவலையில்லை.

மதகு70:
அது ஓட்டம் நின்ற பிறகு தேங்கும் நீர். அவர் கேட்பது வெள்ளம். வெள்ளத்தில் அணையருகே ஏற்றம் 62 செ.மீ.; கிடைக்கோடு போட்டால் 620 மீ. வருகிறது. பின்னீரைப் பரவளையமாகக் கொண்டு அதை இரட்டிப்பாக்கினால் 1240 மீ. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. படி அளவைச் சின்னதாக்குங்கள், கழித்தல் குறி போய்விடும்.

நீரளவு:
படியைச் சின்னதாக்கினாலும் கடைசிப் படி அடம்பிடிக்கும். நீங்கள் ஒவ்வொரு படிக்கும் மேல்முனையின் உராய்வுச் சரிவை மட்டும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1.48 என்பது 1.4805-ஐச் சுருக்கி எழுதியது. அந்த ஆழத்தில் உராய்வுச் சரிவு 0.001001, படுகைச் சரிவை ஒரு மயிரிழை தாண்டிவிடுகிறது. வகுக்கும் எண் ஏறக்குறைய பூஜ்யம், அதுவும் கழித்தல் பக்கம். 18 கி.மீ. அங்கிருந்துதான் வருகிறது. இரு முனைகளின் சராசரியை எடுங்கள்:

```
dx = (E1 - E2) / (S0 - (Sf1 + Sf2)/2)
```

E என்பது ஆழமும் V²/2g-யும் சேர்ந்தது. S0 படுகைச் சரிவு, Sf உராய்வுச் சரிவு. 1 அணைப்பக்கம், 2 மேல்பக்கம்.

இப்படிப் போட்டால் 1.90 மீ. ஆழம் 328 மீ. தூரத்தில், 1.70 மீ. 766-இல், 1.60 மீ. 1108-இல், 1.55 மீ. 1382-இல், 1.52 மீ. 1651-இல், 1.50 மீ. 1971-இல் வரும். அதாவது உங்கள் பழைய அட்டவணையில் கடைசி எண் மட்டுமல்ல, எல்லாத் தூரமும் மிகைதான். கடைசிப் படி கண்ணில் பட்டுவிட்டது, மற்றவை படவில்லை.

1.50-இலேயே நிறுத்துங்கள். வளைவு இயல்பு ஆழத்தைத் தொடுவதே இல்லை, நெருங்கிக்கொண்டே போகும். எனவே "எங்கே முடிகிறது" என்பதற்கு விடை கிடையாது, "எங்கே 2 செ.மீ.-க்குக் குறைகிறது" என்று கேட்டால் ஏறத்தாழ 2 கி.மீ.

மதகு70 சொன்ன 1240 மீ.-இல் இன்னும் ஒன்பது, பத்து செ.மீ. ஏற்றம் இருக்கிறது. வெறும் கிடைக்கோடு முடியும் 620 மீ.-இலோ 29 செ.மீ. முதல் மதிப்பீட்டுக்கு இரட்டிப்பு விதி போதும். "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுக்க முடியாது.

ஓடைக்கரை:
ஆமாம் சார், மேல்முனைதான் போட்டிருந்தேன். இப்போது 1.5 கி.மீ.-இல் ஐந்தரை செ.மீ. வருகிறது. முன்பு கிட்டத்தட்ட பத்து. இதையே எழுதிவிடலாமா?

நீரளவு:
n-ஐ எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லாமல் எழுத வேண்டாம். 0.035 ஓரளவு சுத்தமான ஓடைக்கு. சீமைக் கருவேலமும் நாணலும் அடைத்திருந்தால் 0.05 கூட ஆகும். அப்போது இயல்பு ஆழமே 1.87 மீ. அணையருகே மட்டம் அதே 2.10 என்றால் ஏற்றம் 23 செ.மீ.தான். ஆனால் ஓடை மொத்தமாகவே 39 செ.மீ. உயர்ந்து ஓடும்! பாலத்தில் தண்ணீர் ஏறினால் பழி அணை மேல் விழும், குற்றவாளி புதராக இருக்கும். இன்னொன்று: அந்த நிலையில் அணைக்குக் கீழே நீர் முகட்டுக்கு மேல் 67 செ.மீ. நிற்கும். முகட்டின் மேல் தலை 92. அணை மூழ்கத் தொடங்கும் எல்லைக்கு அருகில் இருக்கிறோம், 2.10-ஐயே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மதகு70:
அப்படியானால் பெரிய வெள்ளத்தை விடச் சின்ன வெள்ளத்தில்தான் அணையின் பங்கு அதிகமா?

நீரளவு:
அணையை ஒட்டி, ஆமாம். n 0.035-ஆகவே வைத்து 6 கன மீட்டர் ஓடினால் ஏற்றம் 90 செ.மீ. ஆனால் அது பெரும்பாலும் கரைக்குள் அடங்கிவிடும்.

ஓடைக்கரை, செவ்வகத்தோடு நிறுத்தாமல் 100, 150 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுத்து HEC-RAS மென்பொருளில் அணையிலிருந்து மேல்நோக்கி ஓட்டிப் பாருங்கள். மடு இருக்கும் இடத்தில் ஒன்று, மேடு இருக்கும் இடத்தில் ஒன்று கட்டாயம். படுகைச் சரிவை இரண்டே புள்ளிகளில் எடுத்திருந்தால் ஒரு மடுவே அதைக் கெடுத்துவிடும்.

ஓடைக்கரை:
இரண்டு புள்ளிதான் எடுத்தேன். பாலத்துக்கு அடியில் மூன்று குழாய்கள், ஒன்று மண்ணடைத்துக் கிடக்கிறது. அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

நீரளவு:
குழாய் விட்டமும் பாலத்தின் மேல்மட்டமும் தெரியாமல் சொல்ல முடியாது. பாலமே ஒரு தடுப்பாக நின்றால் அதற்கு மேலே வேறொரு வளைவு தொடங்கும், உங்கள் ஐந்தரை செ.மீ. அதில் கரைந்துகூடப் போகலாம். அளந்து போடுங்கள், பார்ப்போம்.