போலிப் பொருள் விற்றதாகக் கணக்கு முடக்கம்: இரண்டு மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டன, உதவுங்கள்

செந்தில்
வணக்கம். இணையச் சந்தைத் தளம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக விற்று வருகிறேன். கடந்த வாரம் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் விற்கும் தாடி ட்ரிம்மர் ஒன்றின் பெயரைக் குறிப்பிட்டு, ‘பொருள் அசலா என்பது பற்றி வாடிக்கையாளர் புகார்கள்’ என்று அறிவிப்பு வந்தது. சத்தியமாக நான் போலி விற்கவில்லை. மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்கு அது.

“நாங்கள் விற்பது முழுக்க அசல், எங்கள் மீது தவறில்லை, தயவுசெய்து கணக்கைத் திறந்துவிடுங்கள்” என்று எழுதி இரண்டு இன்வாய்ஸ்களையும் இணைத்து அனுப்பினேன். போதிய தகவல் இல்லை என்று மறுநாளே பதில் வந்துவிட்டது. அதையே இன்னும் பணிவாக எழுதி அனுப்பியும் அதே பதில்தான். கணக்கில் இருக்கும் பணமும் நிற்கிறது. மூன்றாவது முறை என்ன எழுதுவது?

பரணி
ட்ரிம்மர் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். எனக்கு இதே சிக்கல் வந்தபோது, அவர்கள் திரும்பப் பெற்ற மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது.

கலைவாணி
பரணி சொல்வது சரியான வழிதான், ஆனால் வேறு புகாருக்கு. வணிகச் சின்னத்தின் உரிமையாளர் புகார் கொடுத்திருந்தால் அறிவிப்பிலேயே அவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும், பெரும்பாலும் சின்னத்தின் பதிவு எண்ணும் இருக்கும். அவரால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். செந்திலுக்கு வந்திருப்பது வாங்கியவர்கள் சொன்ன புகார். நிறுவனத்துக்கு இது தெரியவே தெரியாது. அவர்களிடம் போய்த் திரும்பப் பெறச் சொன்னால், இல்லாத புகாரை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

செந்தில், இரண்டு கேள்விகள். கடந்த 365 நாள்களில் அந்த ட்ரிம்மர் எத்தனை விற்றது? இன்வாய்ஸ்களில் எத்தனை இருக்கிறது? அதோடு, திரும்பி வந்தவற்றின் அறிக்கையை எடுத்து, வாங்கியவர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே இங்கே போடுங்கள்.

மாலதி
என் லிஸ்டிங்கையும் எடுத்துவிட்டார்கள். வேறொருவரின் படத்தைப் பயன்படுத்தினேன் என்கிறார்கள். நானும் இன்வாய்ஸ்தான் அனுப்ப வேண்டுமா?

கலைவாணி
இல்லை மாலதி, உங்களுடையது படத்தின் பதிப்புரிமைப் புகார். அதற்கு இன்வாய்ஸ் எந்த வகையிலும் உதவாது. படம் நீங்களே எடுத்தது என்றால் கேமராவில் இருக்கும் மூலக் கோப்பைக் காட்டுங்கள். வேறு எங்கிருந்தாவது எடுத்தது என்றால் முதலில் நீக்கிவிட்டு எழுதுங்கள். தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

இக்பால்
இதற்கெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். வீட்டில் வேறொருவர் பெயரில் புதுக் கணக்கு திறந்து வியாபாரத்தைத் தொடருங்கள்.

கலைவாணி
இக்பால் அண்ணா, கோபப்படாதீர்கள், இதைச் செய்யவே கூடாது. வங்கிக் கணக்கு, முகவரி, கணினி, இணைய இணைப்பு என்று ஏதாவது ஒன்று பொருந்தினாலும் இரண்டும் ஒருவருடையவை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு போலிப் புகாரோடு, முடக்கத்தைத் தாண்டப் பார்த்தார் என்ற குற்றமும் சேரும். முதல் புகாரில் இருந்து மீண்டு, இந்த இரண்டாவதில் இருந்து மீளாதவர்கள் பலரின் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

செந்தில்
அக்கா, எடுத்துப் பார்த்துவிட்டேன். விற்றவை 146. இன்வாய்ஸ்கள் 80, 40, ஆக 120. நடுவில் சரக்கு தீர்ந்தபோது ஒரு சில்லறைக் கடையில் தள்ளுபடியில் 25 வாங்கினேன். கையில் இன்னும் 8 இருக்கின்றன. கணக்கு எனக்கே இடிக்கிறது.

வாங்கியவர்களின் குறிப்புகள் மூன்று: “சீல் ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, டூப்ளிகேட் மாதிரி தெரிகிறது.” “பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டது.” “பிளேடுக்குள் முடி இருந்தது, போலியா பழசா தெரியவில்லை.”

கலைவாணி
இடிக்கவில்லை, ஒன்றை விட்டுவிட்டீர்கள். வாங்கியது 145. கையிருப்பு 8 போக, முதல் முறை விற்றது 137. விற்பனையோ 146. மீதி 9 ட்ரிம்மர்கள் இரண்டு முறை விற்கப்பட்டிருக்கின்றன. திரும்பி வந்தவற்றைப் புதியவை என்று மறுபடி அனுப்பினீர்களா?

செந்தில்
ஆமாம். 14 திரும்பி வந்தன. 5 பழுது, ஒதுக்கிவிட்டேன். மற்ற 9 நன்றாக இருந்ததால், பொதி கட்டும் பையன் புது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டான். நானும் அனுமதித்தேன். அது இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை.

கலைவாணி
பிளேடில் இருந்த அந்த முடிதான் உங்கள் வழக்கே. சரக்கு அசல்தான். ஆனால் ஒருவர் முகத்தில் பட்ட ட்ரிம்மரைப் புதியது என்று வாங்கியவர் ‘போலி’ என்றுதான் எழுதுவார், அவருக்கு வேறு எப்படித் தெரியும்? ‘எங்கள் மீது தவறில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தவர் கையில் இந்த மூன்று குறிப்புகளும் இருந்திருக்கும். அடுத்த வரிக்கே அவர் போயிருக்கமாட்டார்.

மூன்றாவது கடிதத்தில் மூன்று பகுதி போதும், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். முதலில் காரணம்: “திரும்பி வந்த 9 ட்ரிம்மர்களைச் சோதிக்காமல், சீல் ஸ்டிக்கரை மாற்றிப் புதியவை என்று அனுப்பினோம்.” பையன் மீது பழியைப் போடாதீர்கள், கணக்கு உங்களுடையது. அடுத்து, ஏற்கெனவே செய்து முடித்தது: அந்த 9 பேருக்கும் பணத்தைத் திருப்பினீர்களா, கையில் உள்ள 8 ஐயும் விற்பனையிலிருந்து எடுத்தீர்களா, எந்தத் தேதியில்? செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள், செய்துவிட்டு எழுதுங்கள். கடைசியாக இனி நடக்கப் போவது. ‘கவனமாக இருப்போம்’ என்றால் அது ஒன்றுமே இல்லை. திரும்பி வரும் பெட்டி தனி அலமாரிக்குப் போகும், சீல் பிரிந்த எதுவும் புதியது என்ற பெயரில் போகாது, இதை இன்னார் பார்ப்பார் என்று எழுதினால்தான் படிப்பவருக்குப் பிடிப்பு கிடைக்கும்.

இன்வாய்ஸில் விலையை மறைக்கலாம். வேறு ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. 120 ஐ 150 ஆக்கச் சொல்லி யாராவது அறிவுரை கொடுப்பார்கள், காதில் வாங்காதீர்கள். மொத்த வியாபாரியை அழைத்து விசாரிப்பார்கள், அங்கேயே உடைந்துவிடும்.

பரணி
அக்கா சொன்னது புரிந்தது, என்னுடையது வேறு புகார்தான். ஆனால் அந்த 25 ஐப் பற்றி எழுதத்தான் வேண்டுமா? சில்லறைக் கடை பில்லை ஏற்கவே மாட்டார்கள். நாமே ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? கேட்டால் சொல்லலாமே.

கலைவாணி
ஏற்கமாட்டார்கள் என்பது உண்மை. அதை ஆதாரமாக இணைக்கச் சொல்லவில்லை. ஆனால் 120 இன்வாய்ஸ், 146 விற்பனை என்று அவர்கள் கண்முன்னே நிற்கிறது. திரும்பி வந்த 9 ஐச் சொன்னாலும் கணக்கு மூடாது. என் கருத்து, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இனி அப்படி வாங்கமாட்டோம் என்பதையும் சேர்ப்பது. இதைக் காரணம் காட்டியே மறுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் பரணி பயப்படுவதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

செந்தில்
சொல்லிவிடுகிறேன் அக்கா. இனி மறைத்து மறைத்து எழுத மனமில்லை. நேற்று 9 பேருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டேன்.

செந்தில் (ஆறு நாள் கழித்து)
கடிதம் அனுப்பிய நான்காம் நாள் கணக்கு திறந்தது! ஆனால் அந்த ட்ரிம்மர் லிஸ்டிங் மட்டும் திரும்பவில்லை. சரக்கு கொடுத்தவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறார்கள். பார்த்தால், இன்வாய்ஸில் அச்சிட்ட தொலைபேசி எண் பழையது. வியாபாரி எண்ணை மாற்றியிருக்கிறார்.

கலைவாணி
அந்த எண்ணை நீங்கள் திருத்தி ஒட்டிவிடாதீர்கள். அவருடைய கடிதத்தாளில், இந்த இன்வாய்ஸ் எண்கள் தாம் கொடுத்தவையே என்றும் புதிய எண் இதுவென்றும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். அனுப்பும் நாளில் அவரைத் தொலைபேசிக்கு அருகிலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள்.

செந்தில்
நாளைக் காலை முதல் வேலையாக அவரைப் போய்ப் பார்க்கிறேன் அக்கா.