ஏழு வேலை நாட்களும் ஒரு வாரமும் ஒன்றா?

இன்சொல்:
சேலை விற்கும் ஓர் இணையக் கடையின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். பொங்கலுக்கு முன் 64 ரீஃபண்ட் டிக்கெட்டுகள் தேங்கிவிட்டன. எங்கள் ஆட்கள் எழுதி வைத்திருந்த பதில்கள் தந்தி போல இருந்தன: “பணம் அனுப்பப்பட்டது. 5-7 வேலை நாட்கள்.” அத்தனையையும் ஒரே மாலையில் கனிவாக மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: “அன்பு வாடிக்கையாளரே, தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்கள் பணம் ஒரு வாரத்திற்குள் தங்களை வந்தடையும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” இதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை, மனம் இருந்தால் போதும். என்ன சொல்கிறீர்கள்?

பழைய மேசை:
மனம் இருந்தது சரி, நாட்காட்டி இருந்ததா? மூலத்தில் “7 வேலை நாட்கள்” என்று இருக்கிறது. உங்கள் பதிலில் “ஒரு வாரம்” என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 64 பேரிடம் பொய் சொல்லிவிட்டு மகிழ்ச்சியுடன் தெரிவித்தும் இருக்கிறீர்கள்.

இன்சொல்:
பொய் என்பது பெரிய சொல், ஐயா. ஏழு நாட்களை ஒரு வாரம் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் வங்கி மேலாளர் இல்லை. “வேலை நாட்கள்” என்ற சொல்லே அரசு அலுவலக வாசனை அடிக்கிறது.

பழைய மேசை:
வாசனையை விடுங்கள், விரல் விட்டு எண்ணுவோம். ஜனவரி 9, வெள்ளிக்கிழமை மாலை ரீஃபண்ட் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 10ஆம் தேதி இரண்டாம் சனி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. 11 ஞாயிறு. 12, 13, 14 ஆகியவை மூன்று வேலை நாட்கள். 15 பொங்கல், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. மறுபடியும் 19இல் தொடங்கினால் ஏழாவது வேலை நாள் ஜனவரி 22. உங்கள் “ஒரு வாரம்” 16ஆம் தேதியே முடிந்துவிட்டது. கரும்பு கடித்துக்கொண்டிருந்தவர் 17ஆம் தேதி காலையில் உங்களுக்கு என்ன எழுதுவார்? பழைய வறட்டுப் பதிலே இருந்திருந்தால் அவர் 22 வரை பொறுத்திருப்பார்.

வங்கிப்புலி:
இருவருமே தவறு. என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்து ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் ஓடுகிறது. இந்தக் காலத்தில் வேலை நாள் கணக்கே எதற்கு? மேலும் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாட்களுக்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். “5-7 வேலை நாட்கள்” என்று எழுதுவதே விதிமீறல்.

பழைய மேசை:
சுற்றறிக்கையின் தலைப்பை மட்டும் படித்திருக்கிறீர்கள், புலியாரே. அது தோற்றுப்போன பரிவர்த்தனைகளுக்கானது. கணக்கில் பணம் பிடித்தாயிற்று, கடைக்கு உறுதி வரவில்லை என்றால் அந்தப் பணத்தைத் தானாகத் திருப்புவதற்கான கெடு அது. சேலை வந்து, பிரித்துப் பார்த்து, நிறம் பிடிக்காமல் திருப்பி அனுப்பியவருக்கு அந்த 100 ரூபாய் கிடையாது. என் பழைய அலுவலகத்தில் ஒரு பையன் இதே வரியைப் பதில்களில் சேர்த்துவிட்டான். மறுநாளிலிருந்து எல்லோரும் நாள் கணக்குப் போட்டு 100 ரூபாய் கேட்டார்கள். கனிவாகத்தான் எழுதியிருந்தான், பாவம்.

என்.இ.எஃப்.டி. பற்றிச் சொன்னது சரி. ஆனால் கார்டில் கட்டிய பணம் அந்த வழியில் திரும்புவதில்லை. கடையின் வங்கியிலிருந்து கார்டு வலையமைப்பு வழியாக வாடிக்கையாளரின் வங்கிக்குப் போகிறது, அவர்கள் எடுத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும். யு.பி.ஐ.யில் கட்டியவருக்குப் பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும். அப்படியானால் 64 பேரில் யு.பி.ஐ.காரருக்கும் கார்டுகாரருக்கும் ஒரே “ஒரு வாரம்” எப்படிப் பொருந்தும்?

மல்லிகைப்பந்தல்:
என் கதையைக் கேளுங்கள். மிக்சி ஜாடி உடைந்து வந்தது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் “தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்” என்றே பதில், ஒரு புள்ளிகூட மாறவில்லை. மூன்றாம் முறை படித்தபோது ஜாடியைவிட அந்த வரியின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ஜாடியை எங்கே புகார் செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

பிழைதிருத்தி:
“மனமார” வருந்த முடியாது. மனமார வாழ்த்தலாம், மனமாரப் பாராட்டலாம். வருத்தத்திற்கு “மிகவும்” போதும். “தெரிவித்துக்கொள்கிறோம்” என்பதிலும் “கொள்” எதற்கு?

இன்சொல்:
பிழைதிருத்தி ஐயா, போன மாதம் “தங்கள்” வேண்டுமா “உங்கள்” வேண்டுமா என்று நான்கு பக்கம் எழுதி என்னை ஓடவிட்டீர்கள். இன்னும் மறக்கவில்லை.

பழைய மேசைக்கு: குறை சொல்வது எளிது. நீங்கள் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். அதுவும் ஒன்றல்ல, 64.

பழைய மேசை:
எழுதிக் காட்டுகிறேன். ஆனால் பதிலில் இருந்து தொடங்க மாட்டேன். முதலில் 64 டிக்கெட்டுகளையும் ஒரு எக்செல் தாளில் போட்டு, பதிலுக்குப் பக்கத்தில் ஐந்து கட்டங்கள் வைப்பேன்: எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் அனுப்பினோம், எந்த வழியில், அவர் கேட்ட கேள்வி என்ன, இதற்கு முன் எத்தனை முறை எழுதினார். இவற்றை பதிலைப் பார்த்து நிரப்பக் கூடாது, கணக்குப் பதிவைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். அப்போது ஒன்று தெரியும். “பணம் அனுப்பப்பட்டது” என்று எழுதப்பட்டவற்றில் சிலவற்றுக்கு ஒப்புதல்தான் ஆகியிருக்கும், பணம் கிளம்பியே இருக்காது. அவசரத்தில் எழுதும் ஆளுக்கு இரண்டும் ஒரே சொல்தான். அந்தப் பதிலுக்கு எத்தனை கனிவு பூசினாலும் அது பொய்தான்.

பிறகு நிலைமையை வைத்துக் குழு பிரிப்பேன்: கார்டில் கிளம்பியது, யு.பி.ஐ.யில் கிளம்பியது, இன்னும் கிளம்பாதது, பணமே கேட்காமல் வேறு சேலை கேட்டவர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாதிரி. கார்டு குழுவுக்கு இது:

“வணக்கம். மயில்பச்சைச் சேலைக்கான 1,840 ரூபாயை, நீங்கள் பணம் கட்டிய அதே கார்டுக்கு ஜனவரி 9 அன்று திருப்பி அனுப்பிவிட்டோம். உங்கள் வங்கி அதைக் கணக்கில் ஏற்ற 5 முதல் 7 வேலை நாட்கள் எடுத்துக்கொள்ளும். நடுவில் பொங்கல் விடுமுறை வருவதால் ஜனவரி 22 வரை ஆகலாம். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், கீழே உள்ள 23 இலக்க ஏ.ஆர்.என். எண்ணை வங்கியில் காட்டுங்கள், பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் பார்க்க முடியும். எங்களுக்கும் இதே மின்னஞ்சலில் எழுதலாம்.”

இதில் “அன்பு” என்ற சொல்லே இல்லை. ஆனால் அவருடைய சேலையின் நிறம் எனக்குத் தெரிந்திருக்கிறது. வருத்தம் தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பேன். நாம் தவறான சேலையை அனுப்பியிருந்தால் “தவறான சேலையை அனுப்பியது எங்கள் பிழை” என்று பிழையின் பெயரைச் சொல்லி எழுதுவேன். நிறம் பிடிக்காமல் அவரே திருப்பியதற்கு நான் எதற்காக வருந்த வேண்டும்?

இன்சொல்:
ஆகா! என்னைப் பொய்யன் என்றீர்கள், நீங்கள் மட்டும் “ஜனவரி 22” என்று தேதியே கொடுக்கிறீர்களே! வங்கி உங்கள் மாமனார் வீடா? 23ஆம் தேதி வந்தால்? மும்பையில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் திருவள்ளுவர் நாள் விடுமுறையா? நான் “ஒரு வாரம்” என்று பொதுவாகச் சொன்னேன். நீங்கள் கல்வெட்டில் வெட்டியிருக்கிறீர்கள்.

வங்கிப்புலி:
இது நல்ல கேள்வி. வங்கி விடுமுறை மாநிலத்திற்கு மாநிலம் மாறும். மேசையார் பதில் சொல்லட்டும்.

பழைய மேசை:
விடுமுறை மாறும் என்பது சரி. அதனால்தான் “ஆகலாம்” என்று எழுதினேன், “வந்தடையும்” என்று எழுதவில்லை. வெளிமாநிலத்தவருக்கு முன்பே வந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பிந்தினால்தான் வருவார்கள், அதற்குத்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன். உங்கள் “ஒரு வாரம்” பொதுவானது அல்ல, கெடு. “வாரத்திற்குள்” என்பதில் உள்ள “குள்” கெடு இல்லாமல் வேறென்ன?

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 64ஐயும் ஒரே மாலையில் எப்படி முடித்தீர்கள்? தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினீர்களா?

இன்சொல்:
ஆமாம். அதில் என்ன குற்றம்? “அனுப்பப்பட்டது. 5-7 வேலை நாட்கள்.” என்ற தொடர் வரும் பதில்களைத் தேடி, அந்தப் பதில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புது வரியை வைத்தேன். “பணம்” என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் சிலவற்றில் அகப்படவில்லை. ஆளுக்கு ஆள் “தொகை”, “ரீஃபண்ட்” என்று எழுதியிருந்தார்கள்.

பழைய மேசை:
நினைத்தேன். வேறு சேலை கேட்டவர்களுக்கு உங்கள் ஆட்கள் என்ன எழுதியிருந்தார்கள்? “மாற்றுச் சேலை அனுப்பப்பட்டது. 5-7 வேலை நாட்கள்.” என்றுதானே?

இன்சொல்:
பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மல்லிகைப்பந்தல்:
அப்படியானால் சேலைக்காகக் காத்திருப்பவருக்குப் பணம் வரும் என்று போயிருக்குமா? எனக்கும் அப்படித்தான், ஜாடி கேட்டால் கூப்பன் வந்தது.

பிழைதிருத்தி:
“கூப்பன்” தேவையில்லை, “சலுகைச்சீட்டு” இருக்கிறது.

மல்லிகைப்பந்தல்:
எனக்கு வந்தது கூப்பன்தான், ஐயா.

இன்சொல்:
பார்த்தேன். அப்படி ஐந்து இருந்தன. ஐந்தும் இன்னும் வாடிக்கையாளருக்குப் போகவில்லை, எனவே கூத்தாட வேண்டாம். அது அலுவலகத் தாளின் பிழை, என் நடையின் பிழை அல்ல. உங்களைப் போல ஒவ்வொன்றையும் கணக்குப் பதிவோடு ஒப்பிட்டால் ஒரு மாலை போதாது, மூன்று நாட்கள் ஆகும். மேலாளர் தருவாரா?

பழைய மேசை:
மூன்று நாட்கள் ஆகாது. குழு பிரித்து ஐந்து கட்டங்களையும் நிரப்புவதற்குத்தான் நேரம் பிடிக்கும், எழுதுவது அதன் பிறகு ஓடிவிடும். அனுப்பும் முன் எழுதி முடித்தவற்றில் பத்தை எடுத்து, தொகையும் தேதியும் வழியும் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று எழுதாத ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்று பிசகினாலும் அந்தக் குழு முழுவதையும் நிறுத்துங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. உங்கள் விஷயத்தில் இங்கேயே பார்த்தாயிற்று.

வங்கிப்புலி:
பத்தில் ஒன்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்தினால் பொங்கல் முடிந்து சிவராத்திரியே வந்துவிடும். அந்த ஒன்றைத் திருத்தினால் போதும்.

பழைய மேசை:
மாதிரியில் பிழை இருந்தால் குழு முழுவதும் பிழை. ஒன்றை மட்டும் திருத்துவது, ஓட்டை வாளியில் ஒரு சொட்டைப் பிடித்து வைப்பது போல.

இன்சொல்:
சரி, விடுங்கள். அந்த ஐந்தையும் திருத்திவிட்டேன். உங்கள் நச்சரிப்பு தாங்காமல் மற்றவற்றிலும் “ஒரு வாரத்திற்குள்” என்பதை எடுத்துவிட்டேன். இப்போது “5 முதல் 7 நாட்களுக்குள்” என்று இருக்கிறது. திருப்திதானே?

பழைய மேசை:
“வேலை” எங்கே?