லுக்அலைக் ஆடியன்ஸ்: பட்டியலை ஏற்றி நான் சொதப்பிய கதை

வளர்மதி:
ஆன்லைன் கடையில் அதுவரை வாங்கிய 9,200 பேரையும் அப்படியே மெட்டாவில் ஏற்றி, நாட்டில் அவர்களை அதிகம் ஒத்த 1 சதவீதம் பேருக்கு விளம்பரம் காட்டும் லுக்அலைக் உருவாக்கினேன். ஆர்டர் வந்தது. ஆனால் வந்தவர்கள் தள்ளுபடி நாளில் ஒரு தடவை வாங்கிவிட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பும் ரகம். என் பட்டியலில் அவர்கள்தானே அதிகம், அதே மாதிரி ஆட்களைத்தான் அது தேடிக் கொடுத்திருக்கிறது!

அப்புறம், ஒரு வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வாங்கி எதையும் திருப்பாத 1,400 பேரை மட்டும் பிரித்தேன். அவர்கள் தகவலை ஹேஷ் செய்து, அதாவது நேரடியாகப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி ஏற்றினால், மெட்டா கணக்குகளோடு ஒருவர்கூடப் பொருந்தவில்லை. டெவலப்பர் எழுதியிருந்தது இதுதான்:

```
echo "$email" | sha256sum
```

`echo` கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். அதையும் சேர்த்து ஹேஷ் ஆனதால் எல்லாமே வேறு மதிப்பு. `printf '%s'` என்று மாற்றி, மின்னஞ்சல்களைச் சிறிய எழுத்தாக்கி, ஃபோன் எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடும் சேர்த்த பிறகு பெரும்பாலானவர்கள் பொருந்தினார்கள்.

கதிர்:
ஹேஷ் ஆன பிறகு அது யாருடைய தகவலும் இல்லையே. அதனால் நான் யாரிடமும் சம்மதம் கேட்டதில்லை.

சுடர்:
கதிர், அது சரியில்லை. ஹேஷ் செய்வது, வழியில் யாராவது கோப்பை எடுத்தால் உடனே படிக்க முடியாமல் இருக்கத்தான். அந்தப் பக்கம் மெட்டா தன்னிடம் இருக்கும் கணக்குகளையும் அதே முறையில் ஹேஷ் செய்து, 'இவர் இன்னார்' என்று கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிக்க முடிவதால்தானே வேலையே நடக்கிறது? ஃபோன் எண் இன்னும் மோசம். பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடி, எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட சாதாரணக் கணினியே போதும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியும் ஹேஷ் என்பது அநாமதேயம் ஆகாது என்று 2024-ல் வெளிப்படையாகவே எழுதியது.

பில் அனுப்பத் தந்த மின்னஞ்சல் விளம்பரத்துக்குத் தந்த சம்மதம் ஆகாது. நான் பட்டியலில் சம்மதம் என்று ஒரு நெடுவரிசை வைத்து, 'ஆம்' உள்ளவர்களை மட்டும் எடுப்பேன். பெயர், முகவரி, வாங்கிய பொருள் எதுவும் ஏற்ற மாட்டேன். ஏற்றியதும் என் கணினியில் இருக்கும் கோப்பை அழித்துவிடுவேன்.

நீலா:
எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கே மறுபடி விளம்பரம் காட்டவும் இதுதானா? நாங்கள் நீரிழிவு உணவு ஆலோசனை தருகிறோம்.

சுடர்:
அது கஸ்டம் ஆடியன்ஸ், வேறு விஷயம். ஆனால் நீலா, உங்கள் பட்டியலை இரண்டுக்குமே ஏற்ற வேண்டாம். அதில் ஒருவர் பெயர் இருந்தாலே அவருக்கு என்ன நோய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வளர்மதி:
எனக்கு ஒன்று உறுத்துகிறது. போன மாதம் ஒருவர் தன் தகவலை நீக்கச் சொன்னார். கடைத் தரவுத்தளத்தில் நீக்கினேன், மெட்டாவில் ஏற்றிய பட்டியல் ஞாபகமே இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் அங்கிருந்தும் எடுத்தேன். அதற்குள் அவரை வைத்து மெட்டா கற்றுக்கொண்டது என்ன ஆகும்?

சுடர்:
பட்டியலில் இருந்து எடுப்பது வரைதான் நம் கையில். அதற்குப் பிறகு உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க நமக்கு வழி இல்லை. நீக்கக் கோரிக்கை வந்த அன்றே இரண்டு இடத்திலும் எடுக்கிற மாதிரி நான் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன்.

கதிர்:
சம்மதம் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன். 6,000 பேரில் 310. இதை வைத்து லுக்அலைக் வருமா?

வளர்மதி:
ஒரே நாட்டில் 100 பேர் பொருந்தினால் உருவாகும், கதிர். நன்றாக வருமா என்பது அந்த 310 பேர் யார் என்பதைப் பொறுத்தது.