புதுப்பிப்பு: விளக்கொளியில் தங்கையின் முகம்

முன்பு கேட்டது: “மாலை விளக்கு விழாக் காணொளியில் வேறிடத்தில் ஜன்னலருகே எடுத்த தங்கையின் காட்சியைச் சேர்த்தேன். முகத்துக்கு ஆரஞ்சு நிறம் ஏற்றியும் ஒட்டவில்லை. ஏன்?”

இப்போது பெருமளவு ஒட்டிவிட்டது. நிற வெப்பநிலையை இன்னும் குறைத்து ஆரஞ்சைக் கூட்டச் சொன்னவர் பாதிதான் சரி. அப்படிச் செய்ததும் மஞ்சள் காமாலை வந்தவள்போல் ஆனாள்.

வழிகாட்டியது, “ஒளி கீழிருந்து வருகிறதே, பார்த்தீர்களா?” என்ற கேள்வி. அவள் கையிலுள்ள விளக்கிலிருந்து தாடை 30 செ.மீ., நெற்றி 45 செ.மீ. தொலைவில் இருக்கின்றன. அப்படியானால் நெற்றிக்குத் தாடையில் விழும் ஒளியில் பாதிகூடக் கிடைக்காது. எனவே முகத்தை முதலில் அந்தி வானத்தின் மங்கிய நீலத்துக்கு இறக்கினேன். பிறகு தனி அடுக்கில் தாடை, மூக்கின் அடிப்பகுதி, புருவத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் ஆரஞ்சு ஒளி தீட்டினேன். கண்ணின் ஒளிப்புள்ளியையும் கீழே நகர்த்தினேன்.

சுடரின் அசைவுக்கேற்ப ஒளியை ஏற்றி இறக்கத் தற்போக்கு எண்கள் உதவவில்லை. கெட்டுப்போன குழல்விளக்குபோல் துடித்தது. பக்கத்தில் நிற்கும் அத்தையின் கன்னத்து வெளிச்ச மாற்றத்தை அளந்து, அதையே ஆரஞ்சு அடுக்குக்கு மட்டும் கொடுத்தேன். இருவருக்கும் நடுவே ஒரு பெரிய விளக்கும் எரிவதால் அது பொருந்தியது. நீல அடுக்கு அசையவே கூடாது.

மூக்கின் இடப்பக்கம் பழைய ஜன்னல் நிழல் இன்னும் தெரிகிறது. மறுபடி படமெடுக்காமல் அதை நீக்கியவர் யாராவது இருக்கிறீர்களா?